அப்பாவின் ஆன்மா சாந்தியடைந்த சான்றிதழ்

என் அப்பாவின் ஆன்மா சாந்தியடைந்துவிட்டதாக எனக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அதை வாங்கும்போது அப்பா என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். முத்திரை நேராக விழுந்திருக்கிறதா என்று கண்ணாடியைப் போட்டுப் பார்த்தவரும் அவர்தான்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் லிப்ட் பரிசோதகன். ஊரில் உள்ள மாடிக் கட்டடங்களுக்குப் போய் லிப்ட்டின் கயிறு தேய்ந்திருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்து, கையெழுத்துப் போட்டு, சான்றிதழை லிப்ட்டுக்குள் மாட்டிவிட்டு வருவது என் பிழைப்பு. இத்தனை வருடம் இந்த வேலை பார்த்ததில் எனக்கு ஒரு வியாதி வந்துவிட்டது. எதற்கும் ஒரு சான்றிதழ் தொங்கினால் மனசு நிம்மதியாகிவிடும். கயிற்றைப் பற்றி அப்புறம் யோசிக்க மாட்டேன்.

என் மகளுக்கு ஒரு வரன் அமைந்தது. அமைந்தது என்று நான் சொல்லிக்கொள்கிறேன். அவளும் அந்தப் பையனும் ஒரே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேஜை. அவர்களே அமைத்துக்கொண்டு எங்களுக்குத் தகவல் சொன்னார்கள். பையனின் அம்மா பல் டாக்டர். ஜாதகம் பார்க்கிற குடும்பம். ஜாதகத்தை அனுப்பி வைத்தோம். இரண்டு நாள் கழித்து அந்த அம்மாள் போன் செய்தார்.

"எல்லாம் நல்லா பொருந்துதுங்க. பொண்ணுக்கு ஒன்பதாம் இடத்துல சூரியனோட ராகு இருக்கு. பித்ரு தோஷம்னு சொல்லுவாங்க இல்லையா? வீட்ல பெரியவங்களுக்குச் செய்ய வேண்டியதெல்லாம் ஒழுங்கா நடக்குதான்னு மட்டும் கேட்டுக்கலாம்னு கூப்பிட்டேன். ஞாயித்துக்கிழமை நேர்ல வரோம், பேசிக்கலாம்."

இவ்வளவுதான் அவர் கேட்டது. சாதாரண மனிதனாக இருந்தால் ஆமாம் என்றோ இல்லை என்றோ பதில் சொல்லியிருப்பான். நான் அப்படி இல்லை. தோஷம் என்ற சொல் காதில் விழுந்ததுமே கல்யாணம் நின்றுபோய், மகள் மூலையில் உட்கார்ந்து, ஊர் சிரிப்பது வரைக்கும் என் மனக்கண்ணில் படம் ஓடி முடிந்துவிட்டது. "ஞாயித்துக்கிழமைக்குள்ள கிளியர் பண்ணிடறேங்க" என்றேன். "கிளியரா?" என்றார் அந்த அம்மாள்.

மனைவி சொன்னாள், முதலில் உங்கள் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று. அப்பாவிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது? வயதானவர், எங்கள் வீட்டில் பின்னறையில் இருக்கிறார். அம்மா என் தங்கை வீட்டில் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போயிருந்தாள். அப்பாவின் வேலை செய்தித்தாள் படிப்பது, மொட்டை மாடியில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது, கீழ்ப்பல் செட் ஆடுகிறது, மாற்ற வேண்டும் என்று என்னிடம் சொல்வது. கடைசியாகச் சொன்ன வேலையை அவர் போன வருடத்திலிருந்து பார்த்து வந்தார். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று நானும் தவறாமல் பதில் சொல்லி வந்தேன்.

மகள் மட்டும் என்னைத் தனியாகப் பிடித்து ஒன்று சொன்னாள். "அப்பா, நீங்க ஒண்ணுமே செய்யாம இருந்தீங்கன்னாலே இது நடந்துடும். ப்ளீஸ்."

நான் ஒன்றும் செய்யாமல் இருப்பேனா?

*

முன்னோர் நலக் கழகத்தைப் பற்றிச் சொன்னவர் எங்கள் அலுவலகக் காசாளர். அங்கே கம்ப்யூட்டரில் பார்க்கிறார்களாம், முத்திரை வைத்த சான்றிதழ் தருகிறார்களாம். முத்திரை என்றதும் நான் விலாசம் குறித்துக்கொண்டேன். சனிக்கிழமை காலையில் கிளம்பும்போது அப்பா சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். பல் செட் கடை அந்தப் பக்கம்தானே, நானும் வருகிறேன் என்றார். இது முடிந்ததும் போகலாம் என்று கூட்டிக்கொண்டேன்.

கழகம் நான்காவது மாடியில் இருந்தது. லிப்ட்டில் ஏறினோம். இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் அது நின்றுவிட்டது. அப்பா விளக்கொளியில் சுவரைப் பார்த்தார். கண்ணாடிச் சட்டத்துக்குள், லிப்ட் நல்ல நிலையில் இயங்குவதாகச் சான்றிதழ் தொங்கியது. கீழே கையெழுத்து.

"நம்ம கையெழுத்து மாதிரி இருக்கேடா" என்றார்.

நான் அவசர மணியை அழுத்தினேன். காவலாளி வந்து கம்பியால் கதவை நெம்பி எங்களை இறக்கினார். மிச்ச மாடிகளுக்கு அப்பா படியேறினார். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். நான் முன்னால் ஓடிப் போய் டோக்கன் வாங்கினேன்.

உள்ளே வங்கி மாதிரி கண்ணாடித் தடுப்புகள். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு பலகை. தந்தைவழி, தாய்வழி, பெயர் தெரியாத முன்னோர், கோபத்தில் உள்ள முன்னோர். கடைசித் தடுப்பில் மட்டும் கூட்டம் அதிகம். நாங்கள் தந்தைவழியில் உட்கார்ந்தோம். அங்கே இருந்த ஜாதகப் பரிசோதகர் என் மகளின் பிறந்த நேரத்தைக் கம்ப்யூட்டரில் தட்டினார். அது உடனே சிவப்பாக மின்னியது. எனக்கு முன்னால் வந்தவருக்கும் சிவப்பாகத்தான் மின்னியது. அவருக்கு முன்னால் வந்தவருக்கும். பச்சை விளக்கு ஒன்று கூடவே இருந்தது, அதன் மேல் தூசி படிந்திருந்தது.

பரிசோதகர் விளக்கினார். சூரியன் தகப்பனைக் குறிக்கிற கிரகம். ஒன்பதாம் இடம் தகப்பனையும் அவர் வழி முன்னோரையும் குறிக்கிற வீடு. அந்த வீட்டில் அந்தக் கிரகத்தோடு ராகு உட்கார்ந்துவிட்டது. ஆகவே தந்தைவழியில் ஓர் ஆன்மா சாந்தியில்லாமல் அலைகிறது. எந்த ஆன்மா என்பதையும் இயந்திரம் சொல்லிவிட்டதாம். குழந்தைக்கு மிக நெருங்கிய தந்தைவழி மூத்தவர்.

"அதாவது உங்க அப்பா" என்றார்.

இங்கே நான் ஒரு சின்னத் திருத்தம் சொல்ல நேர்ந்தது. என் அப்பா இதோ இருக்கிறார் என்றேன். பரிசோதகர் அப்பாவைப் பார்த்தார். அப்பா வணக்கம் சொன்னார். பரிசோதகர் மறுபடியும் திரையைப் பார்த்தார். திரை மாறவில்லை.

"சார், இவர் உயிரோட இருக்கறது ஒரு நிலைமை. சாந்தியில்லைங்கறது கண்டுபிடிப்பு. ரெண்டையும் போட்டுக் குழப்பக்கூடாது" என்றார்.

அப்பா மெதுவாகக் கேட்டார், "தம்பி, அப்பா உயிரோட இருக்கறவன் தர்ப்பணம் பண்ணக்கூடாதே? அந்த உரிமை அவன் அப்பாவுக்குத்தானே? இவன் எப்படிப் பண்ணுவான்?"

பரிசோதகரின் முகம் மலர்ந்தது. இந்தச் சிக்கலைக் கழகம் எப்போதோ தீர்த்துவிட்டதாம். தகப்பன் உயிரோடு இருக்கிறவர்கள்தான் வசதியாகவும் இருக்கிறார்கள், பயமும் அவர்களுக்குத்தான் அதிகம். உரிமை இல்லை என்று அவர்களைத் திருப்பி அனுப்பினால் கழகத்தை எப்படி நடத்துவது? அதனால் தற்காலிக மறைவு என்று ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். காலையிலிருந்து மாலை ஐந்து மணி வரைக்கும் அப்பா காலமானவராகக் கருதப்படுவார். ஐந்து மணிக்கு மேல் வீட்டுக்குப் போகலாம்.

அப்பா யோசித்தார். "உட்கார்ந்திருக்கலாமா, இல்ல படுத்துக்கணுமா?"

உட்காரலாம் என்றார்கள். அவர் கையில் ஒரு சாம்பல் நிறப் பட்டை கட்டினார்கள். இதைக் கட்டிய பிறகு அங்கே யாரும் அப்பாவிடம் நேராகப் பேசவில்லை. குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்று அவர் கேட்டபோதுகூட, மறைந்தவருக்குத் தாகமாம் என்று என்னிடம்தான் வந்து சொன்னார்கள். எனக்கு அதில் ஒன்றும் வித்தியாசமாகத் தோன்றவில்லை என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். வீட்டிலும் அவரைப் பற்றிய தகவல்கள் எனக்கு மனைவி வழியாகத்தான் வந்துகொண்டிருந்தன.

*

சடங்குக்கு முன்னால் கழகத்தின் இயக்குநர் எல்லோரையும் கூட்டி ஒரு சிற்றுரை ஆற்றினார். பட்டுத் துண்டு, கையில் ஒலிவாங்கி. அறை சின்னது, ஒலிவாங்கி இல்லாமலே காது அடைத்திருக்கும்.

"அந்தக் காலத்துல என்ன பண்ணாங்க? அமாவாசை ஆச்சுன்னா அவங்கவங்க வீட்ல உட்கார்ந்து எள்ளும் தண்ணியும் விட்டாங்க. வருஷத்துக்கு ஒரு தடவை இறந்த திதியில நாலு பேருக்குச் சாப்பாடு போட்டாங்க. முடிஞ்சுது. ரசீது உண்டா? பதிவு உண்டா? எந்த முன்னோர் வாங்கிக்கிட்டார், எவர் வாங்கிக்கலைன்னு ஒரு கணக்கு உண்டா? நாங்க வந்த பிறகுதான் இதை ஒழுங்குபடுத்தியிருக்கோம். பெருமையாச் சொல்றேன், இந்தக் கழகம் ஆரம்பிச்சப்போ ஊர்ல பத்துப் பேருக்குத்தான் பித்ரு தோஷம் இருந்தது. இன்னைக்கு இந்த ஹால்ல உட்கார இடமில்ல."

எல்லோரும் கை தட்டினோம். நான் கொஞ்சம் பலமாகவே தட்டினேன். அப்பா தட்டவில்லை. காலமானவர்கள் தட்ட வேண்டியதில்லை என்று நினைத்தாரோ என்னவோ.

அடுத்தது ஆசை அறியும் பிரிவு. ஆன்மா எதை நினைத்து ஏங்குகிறது என்று தெரிந்தால்தானே அதைக் கொடுத்துத் திருப்திப்படுத்த முடியும்? அதற்கென்று ஒருவர் இருந்தார். கண்ணை மூடி, நெற்றியில் விரல் வைத்து, முன்னும் பின்னும் அசைந்தார். என் அப்பாவின் ஆன்மா ஒரு நீண்ட இருட்டான பாதையில் நடந்துவருவதைப் பார்த்துவிட்டார். அந்தப் பாதையின் மறுமுனையில், நாற்காலியில், என் அப்பா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கேட்கிறார்... கேட்கிறார்..." என்றார் ஆசை அறிபவர். "வெள்ளிப் பசு ஒண்ணு கேட்கிறார். கன்னுக்குட்டியோட."

"எனக்குக் கீழ்ப்பல் செட் ஆடுது" என்றார் அப்பா. "அதை மாத்தினா போதும்."

ஆசை அறிபவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "பெரியவரே, ஆன்மா பேசும்போது குறுக்கே பேசக்கூடாது."

நானும் அப்பாவைப் பார்த்து, கொஞ்சம் சும்மா இருங்களேன் என்று கை காட்டினேன். அப்பா சும்மா இருந்தார். நான் வெள்ளிப் பசுவுக்கு ஒப்புக்கொண்டேன், கன்றோடு. பசுவை அங்கேயே ஓர் அலமாரியிலிருந்து எடுத்தார்கள், என் கையால் தானம் கொடுக்கச் சொன்னார்கள், வாங்கிக்கொண்டு அதே அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். பசுவின் முதுகு பல பேர் கை பட்டுத் தேய்ந்திருந்தது.

மதியம் பிண்டம் வைத்தார்கள். அப்பாவுக்காக உருட்டிய சோற்றுருண்டைகளை அப்பாவின் கண்ணெதிரே மாடிச் சுவரில் வைத்தார்கள். காக்கை வந்து எடுத்தால் முன்னோர் ஏற்றுக்கொண்டார் என்று பொருள். இதிலும் கழகம் எதையும் அதிர்ஷ்டத்துக்கு விட்டு வைக்கவில்லை. பழக்கிய காக்கை ஒன்று வைத்திருந்தார்கள். அது காலையிலிருந்து எத்தனை குடும்பத்தை ஏற்றுக்கொண்டதோ, சுவரின் மறுகோடியில் வயிறு புடைக்க உட்கார்ந்துகொண்டு எங்கள் பக்கம் திரும்பவே மாட்டேன் என்றது. பொறுப்பாளர் கூப்பிட்டார், நயமாகப் பேசினார், கடைசியில் கொஞ்சம் மிரட்டியும் பார்த்தார். என் மகளின் கல்யாணம் அந்தக் காக்கையின் பசியில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் கை கூப்பி நின்றேன். ஒரு காக்கையை அவ்வளவு மரியாதையாக நான் பார்த்ததே இல்லை.

மறைந்தவர் சாப்பிடக்கூடாது என்று அப்பாவுக்கு மதியச் சாப்பாடு கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் அவரால் மெல்ல முடியாது. பசி தாங்காமல் அவர் சட்டைப் பையிலிருந்து பிஸ்கட் எடுத்து, காவலாளி கொடுத்த டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். நனைந்த பிஸ்கட் உடைந்து கீழே விழுந்தது. காக்கை பறந்து வந்து அதைக் கொத்திக்கொண்டு போனது.

"ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்று பொறுப்பாளர் உரக்கச் சொன்னார். பக்கத்துக் குடும்பம் பொறாமையோடு எங்களைப் பார்த்தது.

ஐந்து மணிக்குப் பட்டையை அவிழ்த்தார்கள், அப்பா உயிர் பெற்றார். சான்றிதழ் கைக்கு வந்தது. தடித்த காகிதம், தங்க நிற ஓரம், மூன்று முத்திரை. மேற்படி நபரின் தகப்பனாரின் அலைந்த ஆன்மா இன்று முழுச் சாந்தியடைந்தது, பேத்தியின் திருமணத்துக்குத் தடை ஏதுமில்லை. தெருவுக்கு வந்தபோது பல் செட் கடையில் ஷட்டர் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அப்பா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரி விடு. அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றார். நான் சொல்ல வேண்டியதை அவரே சொல்லிவிட்டது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை காலை, கூடத்தில் உள்ளே வருகிறவர் கண்ணில் முதலில் படும் இடத்தில் சான்றிதழை மாட்டினேன். மனைவி அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க வேண்டாம். கழற்றுங்கள் என்றாள். மாப்பிள்ளை வீட்டார் கேட்டதே அதைத்தான் என்றேன். மகள் அதைப் பார்க்கவே இல்லை, உள்ளே தலை வாரிக்கொண்டிருந்தாள். பார்த்திருந்தால் கதை வேறு விதமாகப் போயிருக்கும்.

அவர்கள் வந்தார்கள். பையன், அவன் அப்பா, அந்தப் பல் டாக்டரம்மா. நான் வரவேற்று, நாற்காலி காட்டி, சான்றிதழ் இருந்த சுவர்ப் பக்கமாகவே நின்றேன். டாக்டரம்மா எழுந்து வந்து படித்தார். முகம் மாறிப்போனது.

"ஐயோ. உங்க அப்பா தவறிட்டாரா? எப்ப? எங்களுக்குச் சொல்லவே இல்லையே. துக்க வீட்லயா நாங்க சம்பந்தம் பேச வந்தோம்?"

பையனின் அப்பாவும் எழுந்து நின்றுவிட்டார். நான் வாய் திறப்பதற்குள் பின்னறைக் கதவு திறந்தது. அப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு, வந்தவர்களுக்குக் கொடுக்கத் தண்ணீர்த் தட்டோடு வந்தார்.

"வாங்க, வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க, முதல்ல தண்ணி குடிங்க."

யாரும் தண்ணீரை எடுக்கவில்லை. இவர் யார் என்று பையனின் அப்பா கேட்டார். என் அப்பா என்றேன். அப்படியானால் சாந்தியடைந்தது யார் என்றார். அவரும் என் அப்பாதான் என்றேன். மகள் உள்ளேயிருந்து வந்து, சுவரைப் பார்த்து, தாத்தாவைப் பார்த்து, என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நிறைந்துகொண்டு வந்தது. எனக்குக் காலுக்குக் கீழே லிப்ட் அறுந்த மாதிரி இருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். கழகம், சிவப்பு விளக்கு, சாம்பல் பட்டை, வெள்ளிப் பசு, காக்கை. சொல்லச் சொல்ல என் குரலிலேயே அந்தக் கதை எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று எனக்குக் கேட்டது. பையனின் அப்பா வாசல் பக்கம் பார்த்தார். பெற்ற தகப்பனுக்கு அவர் உயிரோடு இருக்கும்போதே பிண்டம் வைத்தவன் வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? நானாக இருந்தால் எடுக்க மாட்டேன்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஜாதகத்தைக் கைப்பையிலிருந்து எடுத்தார்.

"நான் என்ன கேட்டேன்? பெரியவங்களுக்குச் செய்ய வேண்டியது நடக்குதான்னு கேட்டேன். அவ்வளவுதானே?" என்றார். "ராகுவும் கேதுவும் ஒரு ராசியில ஒன்றரை வருஷம் உட்காரும். ரெண்டும் எப்பவும் எதிரெதிரா இருக்கும். சூரியன் வருஷம் முழுக்கப் பன்னிரண்டு ராசியையும் சுத்தி வரும். அப்போ எந்த வருஷமா இருந்தாலும், ஒரு மாசம் ராகுவோட இருக்கும், ஒரு மாசம் கேதுவோட இருக்கும். அந்த ரெண்டு மாசத்துல பொறக்கற எல்லாக் குழந்தைக்கும் இந்த அமைப்புதான். எனக்கே சூரியனோட கேது. ஆறு பேர்ல ஒருத்தருக்கு இருக்கறதை வெச்சுக் கல்யாணத்தை நிறுத்தினா ஊர்ல பாதிப் பேர் பொறந்திருக்கவே மாட்டாங்க."

பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டுக் கட்டத்தைக் காட்டினார். பெண்ணுக்குச் சிம்ம லக்னம். ஒன்பதாம் இடம் மேஷம், அது சூரியனுக்கு உச்ச வீடு. ராகு அதே ராசியில் இருந்தாலும் பாகை கணக்கில் சூரியனை விட்டு வெகு தூரத்தில் இருக்கிறது. லக்னத்திலேயே குரு இருந்து தன் ஒன்பதாம் பார்வையால் அந்த வீட்டைப் பார்க்கிறார். அந்த வீட்டுக்கு உரிய செவ்வாயும் பத்தாம் இடத்தில் நன்றாகவே இருக்கிறார். ராகுவை மட்டும் பார்த்துவிட்டுக் குருவைப் பார்க்காதவர், ஜாதகத்தில் பாதியைத்தான் படித்திருக்கிறார் என்றார்.

"தோஷமே இல்லைன்னு நான் சொல்லல. எங்க வீட்ல இதை நம்பறோம். ஆனா எங்களுக்கு அது ஒரு கேள்வி மாதிரி. திதி விட்டுப்போச்சா, யாரையாவது கவனிக்காம விட்டுட்டோமா, வீட்ல யாராவது பேச்சுவார்த்தை இல்லாம இருக்காங்களான்னு ஒரு தடவை திரும்பிப் பாப்போம். விட்டிருந்தா வீட்டோட செய்வோம், எள்ளு, தண்ணி, முடிஞ்சா யாருக்காவது ஒரு வேளைச் சாப்பாடு. செஞ்சுட்டா மறந்துட்டு வேலையைப் பாப்போம். உடம்பு சரியில்லைன்னா டாக்டர்கிட்டப் போவோம், முன்னோர் மேல பழி போட மாட்டோம்." அவர் அப்பாவின் பக்கம் திரும்பினார். "ஐயா, உங்க வீட்ல அமாவாசை தர்ப்பணம்?"

"விட்டதில்லம்மா" என்றார் அப்பா. "எங்கப்பா போனதிலேர்ந்து. மொட்டை மாடியில உட்கார்ந்து பண்ணிட்டு, தட்டுல இருக்கற தண்ணியைச் செடி அடியில ஊத்திடுவேன். அவர் திதியையும் விட்டதில்ல."

செடிக்குத் தண்ணீர். எத்தனை வருடம் நான் படிக்கட்டில் நின்று, அப்பா செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன். கடைசி ஒரு நிமிடத்தை மட்டும் பார்த்துவிட்டு இறங்கி வந்திருக்கிறேன். என்ன செய்கிறீர்கள் என்று ஒரு தடவை கேட்டிருந்தால், அந்த போன் வந்தபோதே நடக்கிறதுங்க என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம்.

"இவர்கிட்ட ஏன் சொல்லலை?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"அவன் கேக்கல. நான் இருக்கற வரைக்கும் அது என் வேலைதானேம்மா."

இந்த வாக்கியத்தை அப்பா சொன்னபோது சில சொற்கள் வாய்க்குள்ளேயே உருண்டன. டாக்டரம்மா எழுந்து போய், கொஞ்சம் வாயைத் திறங்க ஐயா என்றார். ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். ஈறில் புண் இருந்தது. எத்தனை நாளாக என்று கேட்டார். அப்பா என்னைக் காட்டிக்கொடுக்காமல், இப்பத்தான் கொஞ்ச நாளா என்றார். டாக்டரம்மா தொழில் தெரிந்தவர். திரும்பி என்னைப் பார்த்தார்.

"நீங்க லிப்ட் செக் பண்றவர்தானே? கயிறைப் பாப்பீங்களா, இல்ல சுவத்துல தொங்கற சான்றிதழைப் பாத்துட்டு வந்துடுவீங்களா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். நேற்று லிப்ட்டில் பார்த்த கையெழுத்தைப் பற்றி அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் டாக்டரம்மாவுக்கு நல்ல சாட்சியம் கிடைத்திருக்கும்.

கல்யாணத்துக்குத் தேதி குறிக்கலாமா என்று மனைவிதான் தைரியமாகக் கேட்டாள். பையனின் அப்பா தன் மனைவி முகத்தைப் பார்த்தார்.

"குறிக்கலாம். ஆனா ஒரு பரிகாரம் பாக்கி இருக்கு" என்றார் டாக்டரம்மா. விலாசம் குறித்துக்கொள்ள நான் பேனாவை எடுத்தேன். "இவர் புண் ஆறி, புது செட் போட்டு, பந்தியில உட்கார்ந்து நல்லா மென்னு சாப்பிடணும். அதுக்கப்புறம் வர முகூர்த்தம் எதுவா இருந்தாலும் எங்களுக்குச் சம்மதம். நாளைக்குக் கூட்டிட்டு வாங்க. நீங்களே கூட்டிட்டு வரணும்."

அவர்கள் போன பிறகு மகள் நாற்காலியில் ஏறி அந்தச் சான்றிதழைக் கழற்றினாள். நான் தடுக்கவில்லை. சட்டத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாமே என்று மனசு ஒரு நொடி சபலப்பட்டதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

*

பல் செட் பொருந்திய பிறகு வந்த அமாவாசையன்று நானும் மொட்டை மாடிக்குப் போனேன். எனக்குத் தர்ப்பணம் செய்கிற உரிமை இல்லை. அப்பா கேட்கும்போது சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றுகிற உரிமை உண்டு. அப்பா தெற்கே பார்த்து உட்கார்ந்தார். விரலில் தர்ப்பை, எதிரே தாம்பாளம், பக்கத்தில் கறுப்பு எள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் எள்ளும் தண்ணீரும் இறங்கின. முதலில் தன் அப்பா பெயர். பிறகு தாத்தா பெயர். பிறகு கொள்ளுத் தாத்தா பெயர். ஒவ்வொருவருக்கும் மூன்று தடவை. பிறகு அவர்களுடைய மனைவிமார். புதுப் பல்லில் ஒவ்வொரு பெயரும் தெளிவாக, எழுத்தெழுத்தாக விழுந்தது. மூன்றாவது பெயரை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். அந்த மனிதர் இல்லாமல் நான் இல்லை, அவர் பெயர்கூட எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. கோபத்தில் உள்ள முன்னோர் தடுப்பில் அவர் உட்கார்ந்திருந்தால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

முடித்துவிட்டு அப்பா தாம்பாளத்துத் தண்ணீரைச் செடியடியில் ஊற்றினார்.

"நல்லாக் கேட்டுக்கிட்டியா?" என்றார். "மூணு பேர்தான் கணக்கு. நாளைக்கு நீ பண்றப்போ முதல் பேரு என்னோடது. அடுத்தது எங்கப்பா, அதுக்கப்புறம் தாத்தா. கொள்ளுத் தாத்தா மேல போயிடுவார், அவரைத் தனியாச் சொல்ல வேண்டாம்."

நான் காலிச் சொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொள்ளுத் தாத்தா பெயரை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

"அவர் இன்னும் கொஞ்ச வருஷம் இங்கேயே இருக்கட்டும்பா" என்றேன். "இப்பதானே அறிமுகம் ஆனார்."

அப்பா சிரித்தார். அத்தனை பல்லும் தெரிந்தது.